நான்கு பைல்களின் மேல் ஒரு கேப்: கம்பி அமைப்பும் ஷியர் சோதனைகளும்

தூணின் பாரத்தை வாங்கி, அதை நிலத்தினுள் ஆழப் பதிந்த நான்கு பைல்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கான்கிரீட் பிண்டத்தையே பைல் கேப் என்று வழங்குகிறோம். சாதாரண அஸ்திவாரங்களைக் கணக்கிட்டுப் பழகியவர்கள் இதையும் அதே முறையில், அதாவது தூணின் முகத்திலிருந்து நாற்புறமும் நீண்டு நிற்கும் ஒரு பலகையாகப் பாவித்து, வளைவுக்குக் கம்பியும் ஷியருக்கு ஆழமும் கண்டு, கணக்கை முடித்துவிடுகிறார்கள். அவ்வாறு கிடைக்கும் கம்பியின் அளவு சில சமயம் போதியதாகவும் இருக்கலாம். ஆயினும் பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்பதை அந்தக் கணக்கு காட்டுவதில்லை. அதனால் கம்பியை எங்கே நெருக்கி வைக்க வேண்டும், அதன் நுனியை எதுவரை கொண்டுபோய் மடக்க வேண்டும், ஷியர் சோதனையில் எந்த விடையை நம்பலாம், எதை நம்பலாகாது என்னும் கேள்விகளுக்கு அதனிடம் பதில் இல்லை. இந்த அத்தியாயத்தில் ஒரு நான்கு பைல் கேப்பை முதலிலிருந்து கடைசிவரை கணக்கிட்டு, அந்தக் கேள்விகளுக்கு விடை காண்போம்.

பாரம் இறங்கும் வழி

நான்கு பைல் கேப்பில் தூணின் முகத்துக்கும் பைலின் உள்விளிம்புக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சொற்பம். பிண்டத்தின் ஆழமோ அதைப் போல் பல மடங்கு. இத்தகைய பிண்டத்தில் பாரம் வளைந்து கொடுத்து இறங்குவதில்லை. தூணின் அடியிலிருந்து ஒவ்வொரு பைலின் தலைக்கும் நேராகச் சரிந்து செல்லும் அழுத்தப் பாதைகள் வழியாகவே இறங்குகிறது. கூரையில் இரண்டு கைமரங்கள் உச்சியில் சேர்ந்து நின்று, பாரம் ஏறியவுடன் தம் அடிகளை வெளிப்புறமாகத் தள்ளுவதும், குறுக்கே போட்ட விட்டம் அவற்றை இழுத்துப் பிடிப்பதும் நாம் அறிந்ததே. இங்கே கைமரத்தின் வேலையைச் சரிந்த கான்கிரீட்டும், விட்டத்தின் வேலையைக் கீழ்மட்டக் கம்பியும் செய்கின்றன. பைலின் தலையில்தான் அந்தத் தள்ளுதல் நிகழ்கிறது. ஆகவே இழுத்துப் பிடிக்கும் கம்பி பைலின் தலைக்கு மேலேயே செல்ல வேண்டும், அங்கேயே தன் முழு விசையோடு பற்றி நிற்கவும் வேண்டும்.

இது வெறும் சித்தாந்தமன்று. பிரான்சில் பிளெவோவும் ஃபிரெமியும் 1967-இல் வெளியிட்ட பரிசோதனைகளும், இங்கிலாந்தில் கிளார்க் 1973-இல் வெளியிட்ட பரிசோதனைகளும் இதையே காட்டின. ஒரே எடையுள்ள கம்பியைக் கேப்பின் அகலம் முழுவதும் சமமாகப் பரப்பிய மாதிரிகளைக் காட்டிலும், அதைப் பைல்களின் மேல் பட்டைகளாகச் சேர்த்து வைத்த மாதிரிகள் அதிகப் பாரம் தாங்கின. இந்தியாவின் ஐ.எஸ். 456 விதிகளில் அஸ்திவாரங்களுக்குச் சொல்லப்பட்ட முறை வளைவு முறையே. அதை மீறாமலே, அதனோடு இந்த அழுத்தப் பாதைக் கணக்கையும் சேர்த்துச் செய்து, இரண்டில் பெரிதை எடுத்துக்கொள்வதே விவேகமான வழி.

உதாரணத்தின் விவரம்

பல மாடிக் கட்டடம் ஒன்றின் உட்புறத் தூணை எடுத்துக்கொள்வோம். தூண் 600 மி.மீ. சதுரம், அதன் வழியே இறங்கும் உண்மைப் பாரம் 3000 கிலோநியூட்டன், அதனோடு ஒரு திசையில் 150 கிலோநியூட்டன்-மீட்டர் மொமென்டும் உண்டு. பைல்கள் 500 மி.மீ. விட்டமுள்ள துளைப் பைல்கள்; பார சோதனையில் ஒவ்வொன்றும் 900 கிலோநியூட்டன் வரை ஏற்கத் தக்கது என்று முடிவாகியிருக்கிறது என்று கொள்வோம். கேப்பின் கான்கிரீட் எம் 30, கம்பி எஃப்.ஈ. 500.

பைல்களின் மையங்களுக்கு இடையே விட்டத்தைப் போல் மூன்று மடங்கு, அதாவது 1500 மி.மீ., விடுகிறோம். பக்க உராய்வால் பாரம் தாங்கும் பைல்களுக்கு ஐ.எஸ். 2911 கூறும் குறைந்த இடைவெளி இதுவே. வெளிப்புறப் பைலின் விளிம்புக்கு அப்பால் 150 மி.மீ. நீட்டினால் கேப் 2300 மி.மீ. சதுரமாக அமைகிறது. ஆழத்தை முதலில் 1000 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், சரியா தவறா என்பதைப் பின்னர் ஷியர் சோதனை சொல்லும்.

கேப்பின் எடை ஏறத்தாழ 132 கிலோநியூட்டன். அதன் மேல் அரை மீட்டர் மண் 48 கிலோநியூட்டன். ஆக மொத்தம் 3180, பைலுக்கு 795. மொமென்டினால் ஒரு பக்கத்து இரண்டு பைல்களில் தலைக்கு 50 கூடுகிறது; எதிர்ப்பக்கத்தில் அவ்வளவே குறைகிறது. பெரும எதிர்விசை 845. ஏற்கத்தக்க 900-க்குள் அடங்குகிறது. கேப்பின் அடியிலுள்ள மண்ணும் சிறிது தாங்கும் என்று எண்ணி எதையும் கழித்துக்கொள்ளலாகாது. அந்த மண் காலப்போக்கில் இறங்கிக் கேப்பின் அடியை விட்டு விலகிவிடக்கூடும்.

மிச்சமிருக்கும் 55 கிலோநியூட்டனைக் கண்டு, பைல்கள் வீணாக வலுத்திருக்கின்றன என்று எண்ண வேண்டாம். பைல் இறக்கும்போது அது குறித்த இடத்திலிருந்து சற்று விலகுவது இயல்பு. இந்த விட்டத்துக்கு 75 மி.மீ. வரை விலகலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. ஒரு பைல் மட்டும் அவ்வளவு விலகினால் தொகுதியின் மையம் ஏறத்தாழ 19 மி.மீ. நகர்கிறது, அதனால் கூடும் பாரம் பைலுக்குச் சுமார் 19 கிலோநியூட்டன், அதை நாம் தாங்கிக்கொள்ளலாம். அளவுக் குறியிடுவதிலேயே பிழை நேர்ந்து நான்கு பைல்களும் ஒரே திசையில் 75 மி.மீ. நகர்ந்துவிட்டால், கூடுவது 75 கிலோநியூட்டன்; மொத்தம் 920 ஆகி வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு பைலும் தனித்தனியே விதிக்குள் இருக்க, தொகுதி மட்டும் விதியை மீறி நிற்கும் விபரீதம் இது. பைல்கள் முடிந்தபின் அவற்றின் உண்மையான இடங்களை அளந்து இந்தக் கணக்கை மறுபடியும் செய்யாதவர்களுக்கு இது தெரியவே வராது.

கீழ்மட்டக் கம்பியின் அளவு

இனிப் பாரங்களை 1.5 மடங்காக்கிக் கொள்வோம். கேப்பின் சொந்த எடை நேரே பைல்களுக்கு இறங்குவதாகக் கொண்டு அதை விட்டுவிட்டால், பாரம் கூடிய பக்கத்துப் பைல் ஒவ்வொன்றிலும் 1200 கிலோநியூட்டன், இரண்டிலுமாக 2400 நிற்கிறது. பயனுறு ஆழத்தைக் கணக்கிடும்போது கம்பி எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பைலின் தலை கேப்பினுள் 50 மி.மீ. நுழைந்திருக்க வேண்டும் என்பது விதி. கம்பி அதன் மேல் செல்ல வேண்டும் என்பது நாம் மேலே கண்ட நியாயம். ஆகவே விதியில் சொன்ன 60 மி.மீ. கவரை விட்டு 75 மி.மீ. கவர் கொடுக்கிறோம். இரு திசைகளிலும் 20 மி.மீ. கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும். மேலடுக்கின் மையத்திலிருந்து அளந்தால் பயனுறு ஆழம் 895 மி.மீ. இரண்டு திசைக்கும் இதையே கொள்வோம்.

வளைவு முறையில், தூணின் முகத்திலிருந்து பைலின் மையம் 450 மி.மீ. தொலைவில் இருப்பதால், மொமென்ட் 2400 × 0.45 = 1080 கிலோநியூட்டன்-மீட்டர்; அதற்கு வேண்டிய கம்பி ஏறத்தாழ 2840 ச.மி.மீ. குறைந்தபட்சக் கம்பியாகிய 0.12 சதவீதமும் 2760 ச.மி.மீ. வருவதால், பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

அழுத்தப் பாதை முறையில் விடை வேறாக வருகிறது. பாதைகள் தூணின் மையத்திலிருந்தே கிளம்புவதாகக் கொண்டால் ஒரு திசையில் உண்டாகும் மொத்த இழுவிசை:

T = 2400 × 750 / 895 = 2011 kN

கம்பியின் அனுமதித் தகைவு 435 நியூட்டன்/ச.மி.மீ. ஆதலால் 4620 ச.மி.மீ. வேண்டியிருக்கிறது. தூண் ஒரு புள்ளியன்று, 600 மி.மீ. அகலமுடையது என்பதை மதித்து, பாதைகள் அதன் கால்பகுதிப் புள்ளிகளிலிருந்து கிளம்புவதாகக் கொண்டால் இழுவிசை 1609 கிலோநியூட்டனாகவும், கம்பி 3700 ச.மி.மீ. ஆகவும் குறைகிறது. ஆயினும் பாதைகள் சேரும் இடம் கேப்பின் மேல்தளத்திலேயே இருப்பதில்லை. சற்றுக் கீழேதான் இருக்கும். அதனால் உண்மையான நெம்புகோல் தூரம் 895-ஐவிடக் குறைவு. ஒரு பக்கத்தில் தாராளமாக எடுத்துக்கொண்டதை மறுபக்கத்தில் ஈடுகட்டும் முறையில், மையத்திலிருந்து கிளம்பும் பாதையையே கொள்வது நன்று என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு திசையிலும் 20 மி.மீ. கம்பிகள் 15 வைத்தால் 4712 ச.மி.மீ. கிடைக்கிறது. வளைவு முறை கேட்டதைவிட இது மூன்றில் இரண்டு பங்கு கூடுதல்; அந்தக் கூடுதலைச் சிக்கனத்தின் பெயரால் குறைக்க வேண்டாம்.

பாதையின் சாய்வையும் இங்கேயே பார்த்துவிடலாம். பைலின் மையத்திலிருந்து தூணின் கால்பகுதிப் புள்ளிக்கு மூலைவாட்டில் உள்ள கிடைத்தூரம் 849 மி.மீ.; ஆழம் 895. கோணம் 46 பாகைக்குச் சற்று மேல். 45-க்குக் கீழே போனால் பாதை மிகவும் படுத்துவிடுகிறது. கம்பியின் விசை விரைந்து ஏறுகிறது. அப்போது ஆழத்தைக் கூட்டுவதே வழி. 1000 மி.மீ. ஆழம் இந்த ஒரு காரணத்தாலேயே கிட்டத்தட்ட முடிவாகிவிடுகிறது.

ஷியர் சோதனையும் அதிலுள்ள பொறியும்

ஒரு திசை ஷியருக்கு ஐ.எஸ். 456 சொல்வது வருமாறு: தூணின் முகத்திலிருந்து பயனுறு ஆழத்தில் பாதி தூரத்தில் கேப்பைக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். பைலின் மையம் அந்த வெட்டுக்கு வெளியே அரை விட்டமோ அதற்கு மேலோ இருந்தால் அதன் எதிர்விசை முழுவதும் ஷியரில் சேரும். உள்ளே அரை விட்டமோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்றுமே சேராது. இடைப்பட்ட நிலையில் நேர்விகிதத்தில் சேரும்.

நம் கேப்பில் வெட்டு 447 மி.மீ. தொலைவில் விழுகிறது, பைலின் மையமோ 450-இல் இருக்கிறது. ஆகவே எதிர்விசையில் பாதிக்குச் சற்று மேல், 1214 கிலோநியூட்டன், ஷியராகக் கணக்காகிறது. தகைவு 0.59 நியூட்டன்/ச.மி.மீ. நாம் வைத்த கம்பி 0.23 சதவீதம்; அதற்கு எம் 30 கான்கிரீட்டின் அனுமதி 0.35 மட்டுமே. கேப் தோற்றுவிட்டது போலத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒருவர் செய்யக்கூடியது ஆழத்தைக் கூட்டுவது. கூட்டக் கூட்டக் கான்கிரீட் வலுவடைகிறது என்பது மெய்தான். ஆனால் அதைவிட வேகமாக வெட்டு பைலை நோக்கி நகர்ந்து அதைக் கடந்து வெளியே போய்விடுகிறது. ஆழத்தை 1500 மி.மீ. ஆக்கினால் பைலின் மையம் வெட்டுக்கு உள்ளே 247 மி.மீ. வந்துவிடுகிறது, எதிர்விசையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட ஷியராகக் கணக்காவதில்லை. கணக்குத் தாளில் ஷியர் பூஜ்யம் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் 2400 கிலோநியூட்டன் தூணிலிருந்து பைலுக்கு எங்கேயோ கடந்துதானே போகிறது! பூஜ்யம் என்பது வெட்டு விழுந்த இடத்தின் குணமேயன்றிக் கேப்பின் குணமன்று. கணிப்பொறி நிரல் எழுதித் தரும் தாளில் ஷியர் பூஜ்யம் என்று கண்டால், அந்தச் சோதனை நடக்கவில்லை என்றே பொருள் கொள்ள வேண்டும்.

நம்பத் தக்க சோதனை வேறு. எதிர்விசை முழுவதையும் ஷியராக எடுத்துக்கொண்டு, ஆதாரத்துக்கு அருகே ஷியர் வலிமை பெருகுகிறது என்னும் விதியைப் பயன்படுத்துவதே அது. கம்பி நன்கு பற்றி நிற்குமானால், ஆதாரத்தின் முகத்திலிருந்து பயனுறு ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் விழும் வெட்டில் கான்கிரீட்டின் அனுமதியை 2d/av மடங்கு உயர்த்திக்கொள்ள ஐ.எஸ். 456 இடம் கொடுக்கிறது. av என்பது இங்கே தூணின் முகத்திலிருந்து எடுக்க வேண்டிய தூரம். பிரிட்டனில் வழங்கிவந்த பி.எஸ். 8110, பைலின் உள்விளிம்பிலிருந்து விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே வெட்டை வைக்கச் சொன்னது. அதன்படி av 300 மி.மீ. ஆகும். பைலின் மையம் வரை, 450 மி.மீ. என்றே கொண்டால் இன்னும் எச்சரிக்கையாக இருக்கும்.

2 × 895 / 450 = 3.98
3.98 × 0.353 = 1.40 N/mm²
2400 × 1000 / (2300 × 895) = 1.17 N/mm²

நேர்ந்த தகைவு 1.17, அனுமதி 1.40. கேப் தேறுகிறது. எம் 30-க்கு எந்த நிலையிலும் தாண்டக்கூடாத உச்ச வரம்பாகிய 3.5-க்கும் இது வெகு கீழே இருக்கிறது. தேறியிராவிட்டால் ஆழத்தைக் கூட்ட வேண்டும், அல்லது தூணின் அடியில் பீடம் ஒன்று எழுப்பி அதன் முகத்தைப் பைலுக்கு அருகே கொண்டுவர வேண்டும். ஸ்டிரப் வைத்துச் சரிக்கட்டலாம் என்று எண்ண வேண்டாம். இவ்வளவு குறுகிய இடைவெளியில் சரிந்த பாதையைக் குறுக்கே கட்டும்படியான கம்பி எதுவும் அங்கே வேலை செய்யாது.

இதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. நான்கு மடங்காக உயர்த்திய இந்த வலிமை, கீழ்க்கம்பி பைலுக்கு அப்பாலும் முழு விசையோடு பற்றி நிற்கும் என்னும் அனுமானத்தின் மேல் எழுந்தது. கம்பியின் நுனியை வேலையிடத்தில் அரை அடி குறைத்து வெட்டிவிட்டால், பழுதாவது வளைவுக் கணக்கு மட்டுமன்று. ஷியர் கணக்கும் கூடவே பழுதாகிறது.

பஞ்சிங் ஷியரைச் சுருக்கமாகவே பார்க்கலாம். தூணைச் சுற்றிப் பயனுறு ஆழத்தில் பாதி தூரத்தில் வரையும் சதுரத்தின் பக்கம் 1495 மி.மீ.; அதன் மூலைகள் ஏறக்குறைய பைல்களின் மையத்தின்மேலேயே விழுகின்றன. பைலின் எந்தப் பகுதியையும் கழிக்காமல் 4500 கிலோநியூட்டன் முழுவதையும் எடுத்தாலும் தகைவு 0.84; அனுமதி 1.37. மூலைப் பைல் தனக்கு மேலுள்ள கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வருமா என்பதையும் பார்க்க வேண்டும். அதைச் சுற்றி முழு வட்டம் கிடைக்காது. கேப்பின் இரண்டு விளிம்புகளும் அதை வெட்டிவிடுவதால், கால் வட்டமும் இரு பக்கத்தில் தலைக்கு 400 மி.மீ. நேர்கோடுமாக 1896 மி.மீ. சுற்றளவே மிஞ்சுகிறது. 1200 கிலோநியூட்டனுக்குத் தகைவு 0.71, அதுவும் தேறுகிறது. முழு வட்டத்தையும் கணக்கில் சேர்த்துவிடுவது இச்சோதனையில் அடிக்கடி காணும் பிழை. தூணின் அடியில் நேர் அழுத்தம் 12.5 நியூட்டன்/ச.மி.மீ.; எம் 30-க்கு 13.5 வரை போகலாம்.

கம்பி அமைப்பு

ஒவ்வொரு திசையிலும் 15 கம்பிகள் என்று முடிவு செய்தோம். இதை வரைபடத்தில் "20 மி.மீ., 155 மி.மீ. இடைவெளி" என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் என்ன நேரும் என்பதை ஒரு தாளில் வரைந்து பார்க்க வேண்டுகிறேன். கம்பி கட்டுபவர் அகலம் முழுவதும் சமமாகப் பரப்புவார். அவர் மேல் குற்றமில்லை. அப்போது ஒரு பைலின் தலைக்கு மேல் செல்வது மூன்றே கம்பிகள். இரண்டு பைல்களுக்குமாக 15-இல் ஆறு. எஞ்சிய ஒன்பதும் அழுத்தப் பாதை தொடாத இடத்தில் கிடக்கும்.

நாம் வைக்க வேண்டிய முறை இது: ஒவ்வொரு பைலின் தலைக்கு மேலும் 100 மி.மீ. இடைவெளியில் ஆறு கம்பிகள். அவை சரியாகப் பைலின் 500 மி.மீ. அகலத்தை மூடும். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே உள்ள ஒரு மீட்டரில் 250 மி.மீ. இடைவெளியில் மூன்று கம்பிகள், 300 மி.மீ.-க்கு மேல் இடைவெளி போகக்கூடாது என்னும் விதியும் இதனால் நிறைவேறுகிறது. பட்டைகளிலுள்ள 12 கம்பிகள் மட்டுமே 1640 கிலோநியூட்டன் இழுத்துப் பிடிக்கும். கால்பகுதிப் புள்ளிக் கணக்கு கேட்ட 1609-க்கு அதுவே போதும். நடு மூன்றும் சேர்ந்து 2011-ஐ நிறைவு செய்கின்றன. வரைபடத்தில் இடைவெளியை எழுதாமல், பைல்களையும் கம்பிகளையும் ஒன்றாக வரைந்து, பட்டைக்கு இத்தனை, நடுவில் இத்தனை என்று எண்ணிக்கையாகக் குறிப்பிட வேண்டும்.

நுனியைப் பற்றி: எம் 30-இல் 20 மி.மீ. கம்பி முழு விசையோடு பற்றுவதற்கு 906 மி.மீ. நீளம் வேண்டும். பைலின் மையத்திலிருந்து கேப்பின் பக்கக் கவர் வரை கிடைப்பதோ 340 மி.மீ. ஆகவே நேராக விட முடியாது. மேல்நோக்கி மடக்க வேண்டும். மடக்கு தொடங்குமிடம் வரை 260, மடக்குக்குச் சமமாகக் கொள்ளும் 160, இவை போக ஏறத்தாழ 490 மி.மீ. நேராக மேலே எழ வேண்டும். மடக்கின் உயரத்தையும் சேர்த்து அடியிலிருந்து 600 மி.மீ. காலாக வைத்துவிட்டால் குறைவிராது. எழுந்து நிற்கும் இந்தக் கால்களைச் சுற்றி 12 மி.மீ. கம்பியை 200 மி.மீ. இடைவெளியில் வளையமாகக் கட்டுகிறோம். அது பக்கவாட்டு வெடிப்பையும் தடுக்கும், கான்கிரீட் கொட்டும்போது கால்கள் சாயாமலும் காக்கும். மேல்தளத்தில் 12 மி.மீ. கம்பி 200 மி.மீ. இடைவெளியில் இரு திசையிலும் போதும். தூணின் கம்பிகள் கேப்பின் கீழ்வலை வரை இறங்கி, அதன் மேல் பாதம் மடங்கி நிற்க வேண்டும், பாதியில் தொங்கவிடலாகாது.

வேலையிடத்தில் பார்க்க வேண்டியவை

பைலின் தலையிலுள்ள நலிந்த கான்கிரீட்டை உளியால் வெட்டிக் கழித்தபின், நல்ல கான்கிரீட் பி.சி.சி.க்கு மேல் 50 மி.மீ. நிற்கிறதா என்று ஒவ்வொரு பைலிலும் மட்டம் பார்க்க வேண்டும். நல்ல கான்கிரீட் அந்த மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், குறையைக் கேப்பின் கான்கிரீட்டே நிரப்பிக்கொள்ளும் என்று விடாமல், பைலை முறையாக அந்த மட்டம் வரை கட்டி உயர்த்தியபின்பே பி.சி.சி. போட வேண்டும். தலை உயர்ந்து நின்றால், கம்பி அதன்மேல் இடித்துக்கொண்டு நடுவில் தூக்கி நிற்கும். அப்போது கம்பியை வளைத்துப் பைலைச் சுற்றி அனுப்புவது அடுத்து நேரும் தவறு. தலையை வெட்டித் தாழ்த்துவதே முறை, 75 மி.மீ. கவர் பிளாக் வைத்தால் தலைக்கும் கம்பிக்கும் நடுவே 25 மி.மீ. கான்கிரீட் நுழைய இடம் இருக்கும்.

பைலிலிருந்து மேலே நீட்டி நிற்கும் கம்பிகள் நம் பட்டைக் கம்பிகளோடு மோதுவது நிச்சயம். அத்தகைய இடத்தில் பட்டைக் கம்பியை 20, 30 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்தலாம், பட்டையை விட்டு வெளியே தள்ளலாகாது. பைலின் கம்பிகளை வெளிப்புறமாகப் படுக்க வளைத்துவிட்டு வழி செய்துகொள்வதும் கூடாது; அவை செங்குத்தாகவோ, சற்றே சாய்ந்தோ கேப்பினுள் தம் முழுப் பற்று நீளத்துக்கும் எழ வேண்டும்.

கம்பி கட்டி முடிந்ததும் பரிசோதகர் எண்ண வேண்டியது கேப்பிலுள்ள மொத்தக் கம்பிகளையல்ல. ஒவ்வொரு பைலின் தலைக்கு நேர்மேலே ஒவ்வொரு திசையிலும் ஆறு கம்பிகள் செல்கின்றனவா என்பதையே. எட்டு எண்ணிக்கைகள், ஓரிரு நிமிஷ வேலை. அதோடு மடக்கிய கால்களின் உயரத்தை ஓர் அளவு நாடாவால் பார்த்துவிட்டால், மேலே செய்த கணக்கு முழுவதும் எந்த அனுமானங்களின் மேல் நிற்கிறதோ அவை மெய்யாகிவிட்டன என்று கொள்ளலாம். பைல்களின் உண்மையான இடங்களை அளந்து குறித்த வரைபடம் கைக்கு வந்து, எதிர்விசைகள் மறுபடி கணக்கிடப்படும் வரை, கேப்பின் கம்பி வேலைக்கு எந்தப் பொறியாளரும் ஒப்புதல் கையெழுத்து இட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.